மாப்பிள்ளையின் இருபது வருஷமும் முருகேஸ்வரியின் ஒரே மெசேஜும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பாலக்காடு போகிற ரோட்டில் கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டி வந்து, பெரிய தேங்காய்க் களம் யாருடையது என்று கேளுங்கள், பால் குடிக்கிற குழந்தைகூட என் வீட்டுப் பக்கம் கை காட்டும். சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டித் தொடங்கினேன். இன்றைக்கு என் லாரி போகாத ஊர் இல்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தேங்காயைத் தட்டிப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறவன் நான், ஆளையும் அப்படித்தான் பார்ப்பேன். என் கணக்கு தப்பியது ஒரே ஒரு ஆளிடம். அவள்தான் முருகேஸ்வரி.

முருகேஸ்வரி என் தங்கை நாச்சம்மாளின் மருமகள். மூணாறு எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். இவள் பன்னிரண்டாவது முடித்ததும் மூணாறு டவுனில் டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஏற்பாடு செய்கிற கடையில் உட்கார்ந்துவிட்டாள். எந்த ஜீப் எந்த மலைக்குப் போயிருக்கிறது, எது எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

எஸ்டேட் ரோட்டில் போன் எல்லா இடத்திலும் பேசாது. ஏதாவது ஒரு வளைவில் மட்டும் ஒரு நிமிஷம் டவர் கிடைக்கும், ஒரு மெசேஜ் போகும், அத்தோடு சரி. டிரைவர்கள் அந்த ஒரு நிமிஷத்தில் "ஐயோ சீக்கிரம் வாங்க" என்று அனுப்பிவிட்டுக் காணாமல் போய்விடுவார்களாம். எங்கே வருவது, எதைக் கொண்டு வருவது? முருகேஸ்வரி எல்லா டிரைவரையும் கூப்பிட்டு வைத்துத் திட்டித் திட்டிப் பழக்கினாளாம். எந்த வண்டி, எந்த இடம், என்ன ஆயிற்று, என்ன வேண்டும், யாரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். இத்தனையும் ஒரே மெசேஜில் வர வேண்டும். ஒப்பாரிக்கு அதில் இடம் கிடையாது.

என் தங்கை மகன் சிவப்பிரகாஷ் காந்தலூரிலிருந்து பூண்டும் கேரட்டும் ஏற்றி வரப் போனவன், மலையில் பிக்கப் நின்றுபோய் யாரிடமோ நம்பர் வாங்கி இவளுக்கு மெசேஜ் போட்டிருக்கிறான். என்ன மெசேஜ்? "ஐயோ சீக்கிரம் வாங்க." அவள் திருப்பி அனுப்பிய திட்டில்தான் காதல் தொடங்கியது. கல்யாணத்துக்கு நாச்சம்மாள் ஆறு மாசம் முகம் கொடுக்கவில்லை. மாமியார் சோறு போடும்போதுகூட "மலைக்காரிக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றுதான் சொல்லுவாள். பேர் சொன்னதில்லை.

போன மாதம் என் மாப்பிள்ளை குப்பண்ணனுக்கு, அதாவது நாச்சம்மாளின் வீட்டுக்காரருக்கு, சாப்பிட்டு எழுந்ததும் வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. ஆள் சுருண்டு விழுந்துவிட்டார். என் காரில்தான் பாலக்காட்டுக்குக் கொண்டு போனோம். அந்த ரோட்டில் என்னைப் போல வண்டி ஓட்டுகிற ஆள் கிடையாது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல், அதில் சீழ் வேறு. உடனே எடுக்க வேண்டும் என்றார்கள். மெடிக்கல் பாலிசி இருந்தது, நாலு வருஷமாக விடாமல் கட்டியது. கொழிஞ்சாம்பாறை மளிகைக் கடை பரீது மகன் அஷ்ரஃப் போட்டுக் கொடுத்த பாலிசி. ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்த டின்சி என்கிற பெண் கம்பெனிக்கு ஃபாரம் அனுப்பினாள். அரை மணியில் முதல் அனுமதி வந்துவிட்டது. பணம் கட்டாமலே ஆபரேஷன் என்றதும் எங்களுக்கு ஒரே சந்தோஷம்.

அன்று சாயங்காலம் ஒரு சின்ன டாக்டர் பையன் கேஸ் ஷீட்டோடு வந்தான்.

"வேதனை எத்தர நாளா இருக்கு, அங்கிள்?"

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "வலியைக் கண்டா அவருக்குப் பயமுங்க டாக்டர். எனக்கு முப்பது வருஷமா முதுகு வலி. ஒரு மாத்திரை தின்னதில்லீங்க. மூட்டை தூக்கறதையும் நிறுத்தலை."

குப்பண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்கிறது, ஆள் எழுந்து உட்காருகிறார்.

"மச்சான் முதுகைப் பத்தி ஊருக்கே தெரியுமுங்க. எனக்கு இருபது வருஷமா இந்த வயிறு வலிக்குதுங்க டாக்டர். ஒரு சோடாவை உடைச்சு ஊத்திட்டு ஏர் ஓட்டப் போயிருவேன்."

"நீ எந்தக் காலத்துலய்யா ஏர் ஓட்டுனே? டிராக்டர் ஓட்டுன."

"டிராக்டர் மட்டும் தானா ஓடுதா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே என்னவோ எழுதிக்கொண்டு போனான். நாங்களும் சிரித்தோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் பெரிய டாக்டர் வந்து, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

இங்கேதான் விஷயம் சூடு பிடித்தது. மறுநாள் காலையில் குப்பண்ணன் மகள் மௌனிகாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் உடுமலையிலிருந்து வருகிறார்கள். பந்தல் போட்டாயிற்று, சமையல்காரர் வந்தாயிற்று. தட்டு மாற்ற அப்பா சபையில் உட்கார வேண்டும். சாயங்காலத்துக்குள் குப்பண்ணன் வீடு போய்ச் சேர வேண்டும். எங்களுக்கு அன்றைக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை.

ஒன்பதரைக்கே கடைசி பில்லையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் டின்சி இன்சூரன்ஸுக்கு அனுப்பிவிட்டாள். மதியச் சாப்பாடு முடிந்தும் பதில் இல்லை. நான் கவுண்டருக்குப் போனேன்.

"அங்கிள், அப்ரூவல் வந்நிட்டில்லா. நான் என்ன செய்யும்? ரூமுக்கு அடுத்த பேஷண்ட் காத்திருக்கு. ஒரு டெபாசிட் கட்டினா இப்பத்தன்னெ போகலாம். அப்ரூவல் வந்தா ரீஃபண்ட்."

"எவ்வளவும்மா?"

"பில் மொத்தமும். எண்பதாயிரம்."

எண்பதாயிரம் எனக்கு ஒரு பணமா? ஒரு லோடு தேங்காய். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரூமுக்கு வந்து, "நான் கட்டிடறேன், கிளம்புங்க" என்றேன். குப்பண்ணன் படுக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"உங்க காசுல நான் வெளிய வர மாட்டேன் மச்சான்."

"ஏனுங்க, இப்பப் போயி..." என்று நாச்சம்மாள் தொடங்கினாள்.

"நீ சும்மா இரு. நாளைக்குச் சம்பந்தி முன்னாடி, நான்தான் இவனை ஆஸ்பத்திரியிலிருந்து மீட்டுக் கொண்டாந்தேன்னு உன்ற அண்ணன் மைக் புடிப்பாரு."

நான் அப்படிச் சொல்லுகிற ஆளா? சொல்லியிருப்பேன். செய்ததைச் சொல்லுவதில் என்ன தப்பு?

அவர் கையிலிருந்த பணமெல்லாம் பந்தலிலும் பட்டுச் சேலையிலும் போய்விட்டது. என் பணத்தைத் தொட மாட்டார். ஆக, அனுமதி வந்தால்தான் வீடு.

சிவப்பிரகாஷ் இன்சூரன்ஸ் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுக் கத்தினான். அவர்கள், நாங்கள் ஆஸ்பத்திரியிடம் ஒரு விளக்கம் கேட்டிருக்கிறோம் என்றார்கள். டின்சியோ, எங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்கிறாள். மௌனிகா வீட்டிலிருந்து போன் மேல் போன். என்ன ஆச்சு, எப்ப வருவீங்க என்று அழுகிறாள். நான் ஒருபுறம் கஸ்டமர் கேரைப் பிடித்து, நான் யார் தெரியுமா என்று கேட்டேன். அந்தப் பக்கத்துப் பெண், உங்கள் பாலிசி நம்பர் சொல்லுங்கள் என்றாள். எனக்கு அந்தக் கம்பெனியில் பாலிசியே கிடையாது.

அப்போதுதான் முருகேஸ்வரி மாமனாருக்குக் கஞ்சி வாங்கிக்கொண்டு கேண்டீனிலிருந்து வந்தாள். ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். கஞ்சித் தூக்குவாளியை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"எல்லாரும் போனை இங்க குடுங்க."

"எதுக்கு?" என்றான் சிவப்பிரகாஷ்.

"ஆளாளுக்கு ஒண்ணு பேசுனா அவுக யாருக்குப் பதில் சொல்லுவாக? பெரிய மாமா, நீங்களும் குடுங்க."

என் போனை என் பெண்டாட்டியே கேட்டதில்லை. கொடுத்தேன்.

அஷ்ரஃபுக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவன், "அக்கா, கடைசி பில் கம்பெனிக்குப் போயி மூணு மணி நேரத்துக்குள்ள முடிவு சொல்லணும்னு ரூல் இருக்கு. லேட்டானா ஆஸ்பத்திரி அதுக்காகப் போடற கூடுதல் செலவு கம்பெனி தலையிலதான். புகார் ஆபீசர் மெயில் ஐடி பாலிசியிலயே இருக்கும், அதுக்கு எழுதுங்க. நானும் எங்க பிராஞ்ச் மேனேஜர்கிட்டச் சொல்றேன்" என்றான்.

"பாலிசி நம்பரும் கிளெய்ம் நம்பரும் அனுப்பு. வேற ஒண்ணும் பேசாத" என்று வைத்துவிட்டாள்.

டின்சியிடம் போய், பில் அனுப்பிய நேரத்தையும் கவுண்டர் மெயில் ஐடியையும் கேட்டு வாங்கி வந்தாள். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டோம்.

"கோர்ட்டுக்குப் போவோம்னு போடு" என்றான் சிவப்பிரகாஷ்.

"மொதல்ல வீட்டுக்குப் போவோம்."

"எம்.எல்.ஏ. நமக்குத் தெரிஞ்சவருன்னு போடு கண்ணு" என்றேன் நான்.

"அவுகளுக்கு அவரைத் தெரியாது பெரிய மாமா."

நாச்சம்மாள் மெல்ல, "நாளைக்கு நிச்சயம்னாவது போடேன்" என்றாள்.

முருகேஸ்வரி நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். "அதைப் போடுறேன் அத்தை. ஒரு வரி."

இங்கிலீஷில் எழுதி முடித்துவிட்டு எங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். எனக்கு இன்றும் மனப்பாடம்.

"பொருள்: அவசரம், டிஸ்சார்ஜ் அனுமதி தாமதம். நோயாளி குப்பண்ணன். பாலிசி நம்பர், கிளெய்ம் நம்பர் கீழே. கடைசி பில்லும் சம்மரியும் இன்று காலை ஒன்பதரைக்கு உங்களுக்கு வந்துவிட்டன. மூன்று மணி நேரக் கெடு தாண்டிவிட்டது. விளக்கம் கேட்டதாக நீங்கள் சொல்கிறீர்கள்; வரவில்லை என்று ஆஸ்பத்திரி சொல்கிறது. முழு பில்லையும் டெபாசிட்டாகக் கட்டச் சொல்கிறார்கள். நோயாளி நாளை காலை மகளின் நிச்சயதார்த்தத்தில் இருக்க வேண்டும். நாங்கள் கேட்பது: ஒன்று, அனுமதி கொடுங்கள். இல்லையென்றால் என்ன காகிதம், யாரிடமிருந்து வேண்டும் என்று இந்த மெயிலுக்கே எழுத்தில் பதில் போடுங்கள். ஆஸ்பத்திரி கவுண்டருக்கும் இதே மெயிலில் நகல் போயிருக்கிறது. பேச வேண்டிய ஆள் ஒருவர், நம்பர் ஒன்று."

அந்த ஒரு நம்பர் அவளுடையது.

"திட்டே இல்லையே" என்றார் குப்பண்ணன் படுக்கையிலிருந்து.

"திட்டைப் படிக்க ஆரம்பிச்சா நம்பரைப் படிக்க மாட்டாக மாமா."

அனுப்பினாள். நான் வராந்தாவுக்கும் ரூமுக்கும் நடந்தேன். தேங்காய் விலை ஒரே நாளில் பாதியாக விழுந்தபோதுகூட நான் அப்படி நடந்ததில்லை. கஞ்சி ஆறிப்போனது. அப்புறம் அவள் போன் டிங் என்றது! கம்பெனி மெயில் வந்துவிட்டது! எல்லோரும் பாய்ந்தோம். குப்பண்ணன் தையலைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தார்.

முருகேஸ்வரி படித்தாள். படித்துவிட்டு மாமனாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி மாமனாரைப் பார்த்தாள்.

"மாமா, உங்களுக்கு எத்தனை வருஷமா வயித்து வலி?"

குப்பண்ணன் திரும்பிப் போய்ப் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

"முதல் ஃபாரத்துல வலி அன்னிக்குத்தான் வந்துச்சுன்னு இருக்காம். டிஸ்சார்ஜ் சம்மரில இருபது வருஷமா வலின்னு எழுதியிருக்காக. பாலிசி நாலு வருஷத்துது. பழைய வியாதியை மறைச்சுப் பாலிசி எடுத்தீங்களான்னு கேக்குறாக. பெரிய டாக்டர் விளக்கம் எழுதித் தரணும், மொதல்ல எடுத்த ஸ்கேனும் வேணுமாம்."

நாச்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் போட்டி போட்டீங்களே! ஆஸ்பத்திரிக் கட்டில்லயுமா உங்க சவடாலு!"

"மச்சான்தான் ஆரம்பிச்சாரு" என்றார் குப்பண்ணன்.

கவுண்டரில் டின்சியும் இப்போது தன் மெயிலைத் தேடினாள். கம்பெனி விளக்கம் கேட்ட கடிதம் வேறு ஒரு நோயாளியின் மெயிலுக்கு அடியில் கிடந்திருக்கிறது. "ஸாரி சேச்சி" என்று முருகேஸ்வரியிடம் சொல்லிவிட்டு அவளே பெரிய டாக்டரைத் தேடி ஓடினாள். அடுத்த ஆபரேஷனுக்குப் போகக் கிளம்பியவரைத் தியேட்டர் வாசலில் மறித்துக் கூட்டி வந்தாள்.

டாக்டர் நேராகக் கேட்டார். "இருபது வருஷமா வலி இருந்ததா? எங்காவது காட்டியிருக்கீங்களா? ஸ்கேன், மருந்து? நடந்ததைச் சொல்லுங்க, அதைத்தான் நான் எழுத முடியும்."

குப்பண்ணன் என்னைப் பார்த்தார். போர்வை நுனியை முறுக்கினார். முகம் சிவக்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. இருபது வருஷம் பொய் என்று என் முன்னால் சொல்ல அவருக்கு நாக்கு வராது. நானாக இருந்தாலும் வராது.

முருகேஸ்வரிக்கும் புரிந்துவிட்டது. "பெரிய மாமா, செத்த வெளிய நில்லுங்க."

யாராவது என்னை வெளியே நில் என்று சொல்லி நான் நின்றதில்லை, தாசில்தார் ஆபீசிலும் நின்றதில்லை. அன்றைக்கு நின்றேன். மாப்பிள்ளைக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் என்ன மச்சான்? ஆனால் கதவு முழுக்கச் சாத்தவில்லை, காதில் விழுந்தது.

"அது வந்துங்க டாக்டர்... விருந்துல பஜ்ஜி ஜாஸ்தியாத் தின்னா நெஞ்சு எரியுமுங்க. ஒரு சோடா குடிச்சாச் சரியாயிரும். வருஷத்துக்கு ரெண்டு தடவை இருக்கும். இந்த வலி இந்த ஜென்மத்துல வந்ததில்லீங்க. டாக்டரையே பார்த்ததில்லீங்க."

"அப்போ கேஸ் ஷீட்டுல இருக்கிற ஏர் ஓட்டினது?"

"டிராக்டருங்க."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தார்: நோயாளி சொன்னது எப்போதாவது வந்த நெஞ்செரிச்சலைப் பற்றி, அதற்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை, அதற்குச் சிகிச்சை எதுவும் எடுத்ததில்லை, கல் இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது அட்மிட் ஆன அன்று எடுத்த ஸ்கேனில். சம்மரியையும் அதன்படி திருத்திக் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்தார். டின்சி அதையும் ஸ்கேனையும் அனுப்பினாள். முருகேஸ்வரி அதே மெயிலுக்குக் கீழே ஒரே வரி போட்டாள்: நீங்கள் கேட்ட இரண்டும் வந்துவிட்டன, முடிவு சொல்லுங்கள்.

வெயில் சாயத் தொடங்கியது. மௌனிகாவின் போனை எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. சிவப்பிரகாஷ் நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டு விரலில் இறங்கியிருந்தான். நான் பிள்ளையாருக்கு நூற்றியெட்டுத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். களத்தில் கிடக்கிறது, எனக்கென்ன.

டின்சிதான் ஓடி வந்தாள். செருப்புச் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.

"வந்நு! அப்ரூவல் வந்நு, சேச்சி!"

நாச்சம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிவப்பிரகாஷ் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை, என் எடை அப்படி. கையுறை, பஞ்சு என்று பாலிசியில் வராத சில்லறைச் சாமான்களுக்கு மட்டும் குப்பண்ணன் தன் பையிலிருந்து எடுத்துக் கட்டினார். தன் பணம் என்று என்னிடம் ரசீதைக் காட்டவும் தவறவில்லை. டெபாசிட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

என் காரில் புறப்பட்டோம். முன் சீட்டில் குப்பண்ணன், பள்ளம் வரும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பின்னால் பெண்கள். வாசலில் மௌனிகா ஓடி வந்தபோது நாச்சம்மாள் முதலில் இறங்கிச் சொன்னது இதுதான்: "முருகேஸ்வரி காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலை. மொதல்ல அவளுக்கு எலை போடு."

வீடே கேட்டது. மலைக்காரி என்று அல்ல, பேரைச் சொல்லி.

மறுநாள் சபை நிறைந்துவிட்டது. தட்டு மாற்ற உட்கார்ந்த உடுமலைச் சம்பந்தி மரியாதைக்கு விசாரித்தார்.

"உடம்புக்கு என்னமோன்னு கேள்விப்பட்டமுங்க. ரொம்ப நாளாத் தொந்தரவுங்களா?"

குப்பண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். ஊரே கேட்கிறது. எதிரில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் வாயில் அந்த இருபது வருஷம் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. எனக்கும் முப்பது வருஷ முதுகு தயாராக இருந்தது.

தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற முருகேஸ்வரி லேசாகச் செருமினாள்.

"இல்லீங்க சம்பந்தி" என்றார் குப்பண்ணன். "மூணே நாளுங்க. சரியாப் போச்சு."

என்னையும் சம்பந்தி பார்த்தார். நான் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.